ஹீமோகுளோபின் 11.4: கண்ணில் படாத கசிவை ஏன் தேட வேண்டும்?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 67, எடை 65 கிலோ. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் உசிலம்பட்டி பக்கம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை, கூடவே ஆஸ்பிரின் 75, ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். மாரடைப்பு எதுவும் வந்ததில்லை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கி வாரம் மூன்று நான்கு மாத்திரை போடுவேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.4. இரண்டு வருடம் முன்னால் 14.1 இருந்தது. எம்.சி.வி. 75 (முன்பு 88), சிவப்பணு 46 லட்சம், ஃபெரிட்டின் 11. எங்கள் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மலத்தில் ரத்தம் இல்லை, மலப் பரிசோதனையும் நெகடிவ். வயிற்று ஸ்கேனும் நார்மல். மூலம் உண்டு, மாதத்தில் ஒன்றிரண்டு முறை சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். மருமகன், "முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் ஏறிவிடும், எதற்கு மாமா இந்த வேலை" என்கிறார். கொஞ்சம்தானே குறைவு, இதற்குப் போய் குழாய் அவசியமா?

பதில்: அன்புள்ள ஐயா, அவசியம். உங்கள் டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். காரணம் நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து எழுதியது பெரிய உதவி. 11.4 என்பதை மட்டும் பார்த்தால் "கொஞ்சம் குறைவு" என்றுதான் தோன்றும். 14.1-லிருந்து 11.4-க்கு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் விஷயம் புரிகிறது.

முதலில் இது இரும்புச்சத்துக் குறைவுதானா என்பதை உறுதி செய்துகொள்வோம். எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80-க்குக் கீழே போனால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். நம் பக்கத்தில் சிலருக்குப் பிறவியிலேயே தலசீமியாவின் லேசான வடிவம் இருந்து, வாழ்நாள் முழுக்க எம்.சி.வி. குறைவாகவே இருக்கும். உங்களுக்கு அது இல்லை. இரண்டு வருடம் முன்பு 88 இருந்திருக்கிறது, பிறவிக் குறைபாடாக இருந்தால் அப்போதும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று காட்டும் எண். அது 15-க்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி, அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. உங்களுக்கு 11. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காய்ச்சல், மூட்டு அழற்சி போன்றவை இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஆனால் பொய்யாக இறங்கிக் காட்டாது. எனவே இந்த 11-ஐ நம்பலாம்.

சரி, கிடங்கில் இருந்த இரும்பு எங்கே போனது? இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுமையாகக் கூடவே வாருங்கள்.

65 கிலோ எடையுள்ளவரின் உடலில் சுமார் நாலரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 11.4 என்றால் நூறு மில்லி ரத்தத்தில் 11.4 கிராம் ஹீமோகுளோபின் என்று அர்த்தம். உங்களுக்கு ஒவ்வொரு நூறு மில்லியிலும் 2.7 கிராம் குறைந்திருக்கிறது. நாலரை லிட்டருக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 120 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஆக, ரத்தத்திலிருந்து மட்டும் காணாமல் போனது சுமார் 400 மில்லிகிராம். இதோடு கிடங்கையும் சேர்க்க வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள ஆணின் கிடங்கில் 500 முதல் 1,000 மில்லிகிராம் வரை இருக்கும். குறைத்தே வைத்து 600 என்று கொள்வோம். மொத்தம் 1,000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் இரும்பு, இரண்டு வருடத்தில் உங்கள் உடலை விட்டுப் போயிருக்கிறது.

இப்போது மருமகன் சொல்லும் சாப்பாட்டுக் குறையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஆண்களுக்கு உடலிலிருந்து இயல்பாக வெளியேறும் இரும்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம்தான். உதிரும் தோலிலும், குடலின் உள்தோல் புதுப்பிக்கப்படும்போதும் போவது அது. நீங்கள் இரண்டு வருடம், அதாவது 730 நாள், ஒரு துளி இரும்பு கூடச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் குறையக்கூடியது 730 மில்லிகிராம்தான். ஆயிரம் வராது. நீங்களோ சோறும் கீரையும் மீனும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். இரண்டு வருடம் முன்பே உங்கள் கிடங்கு பாதி காலியாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படியே வைத்தாலும் 700 மில்லிகிராம் குறைந்திருக்க வேண்டும், அதற்கு நீங்கள் இரும்பே இல்லாத உணவில் இரண்டு வருடம் ஓட்டியிருக்க வேண்டும். எனவே சாப்பாட்டால் மட்டும் இவ்வளவு இறக்கம் வராது. பெண்களுக்கு மாதவிடாயும் பிரசவமும் இருப்பதால் இதே எண்ணுக்கு வேறு விளக்கம் சொல்ல முடியும். 67 வயது ஆணுக்கு அந்த வழி கிடையாது.

மிஞ்சுவது இரண்டு. குடல் இரும்பை உறிஞ்சாமல் விடுகிறது, அல்லது ரத்தம் எங்கேயோ கசிகிறது. இரண்டாவதுதான் பெரும்பாலும் காரணம்.

எவ்வளவு கசிந்தால் இது நடக்கும்? ஆயிரத்தை 730 நாளால் வகுத்தால் நாளைக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. அதாவது தினம் மூன்று மில்லி ரத்தம். கிடங்கு காலியாகத் தொடங்கியதும் குடல் வழக்கத்தைவிட அதிகமாக இரும்பை உறிஞ்சி ஈடுகட்டப் பார்க்கும், அதையும் சேர்த்தால் நாலைந்து மில்லி. ஒரு டீஸ்பூன். தினம் ஒரு டீஸ்பூன் ரத்தம், நாளெல்லாம் பிரிந்து பிரிந்து, நூற்றைம்பது இருநூறு கிராம் மலத்தோடு கலந்து போகிறது. அதை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. மலம் தார் போலக் கறுக்க வேண்டுமானால் இரைப்பையிலிருந்தோ சிறுகுடலிலிருந்தோ ஒரே சமயத்தில் ஐம்பது முதல் நூறு மில்லி ரத்தமாவது இறங்க வேண்டும். எனவே "மலத்தில் ரத்தம் இல்லை" என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கசிவு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

தொந்தரவு இல்லை என்பதும் அப்படியே. திடீரென்று அரை லிட்டர் ரத்தம் போனால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். தினம் ஒரு டீஸ்பூன் போனால் உடல் அதற்கேற்ப மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மாடிப்படியில் லேசாக மூச்சு வாங்குவதை வயதுக் கணக்கில் எழுதிவிடுவோம்.

மூலத்தையும் இதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. மாதத்தில் இரண்டு முறை பத்துப் பத்துச் சொட்டு போனாலும் மாதத்துக்கு ஒரு மில்லி. நமக்குத் தேவைப்படும் கணக்கோ மாதத்துக்கு நூறு மில்லிக்கும் மேல். மூலத்தால் ரத்தசோகை வருவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்படி வருபவர்களுக்குக் கழிப்பறையே சிவக்கும் அளவுக்கு அடிக்கடி ரத்தம் பீய்ச்சும். உங்களுடையது அந்த ரகம் இல்லை. மூலம் இருப்பது தெரிந்ததும் தேடலை அங்கேயே நிறுத்திவிடுவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. மூலம் இருப்பவருக்கும் மேலே குடலில் கட்டி வரலாம், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

மலப் பரிசோதனை நெகடிவ் என்கிறீர்கள். அந்தப் பரிசோதனை ஆரோக்கியமானவர்களிடையே யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று வடிகட்டுவதற்கு நல்லது. ஏற்கெனவே இரும்பு குறைந்து நிற்பவரை "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்ப அதை மட்டும் நம்ப முடியாது. கசிவு தினமும் ஒரே அளவில் இருக்காது, இரண்டு நாள் நின்று மூன்றாம் நாள் வரும். நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு நாளின் மலத்தில் ஒரு துணுக்கு. பழைய முறைச் சோதனையாக இருந்தால் வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டிருந்தாலே நெகடிவ் காட்டிவிடும். புதிய முறைச் சோதனை பெருங்குடல் ரத்தத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இரைப்பையில் கசியும் ரத்தம் வழியிலேயே செரித்துப் போவதால் அதைப் பிடிக்காது. வயிற்று ஸ்கேனும் அப்படித்தான். அல்ட்ராசவுண்டில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் நன்றாகத் தெரியும். குடல் உள்ளே காற்று நிறைந்த குழாய், காற்றுக்குள் அந்த ஒலியலை போகாது. எனவே குடலின் உட்சுவரில் இருக்கும் சின்னப் புண்ணையோ கட்டியையோ அது காட்டாது.

அப்படியானால் எதைத் தேடுகிறோம்? பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் மறைத்துப் பேசுவதும் சரியில்லை. உங்கள் வயதில் இப்படி இரும்பு குறைந்து வரும் ஆண்களை வாய், ஆசனவாய் இரு பக்கமும் குழாய் விட்டுப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரைப்பையிலோ குடலிலோ காரணம் அகப்படும். நூறு பேரில் எட்டுப் பத்துப் பேருக்கு அது புற்றுநோய். பெரும்பாலும் பெருங்குடலில். மறுபக்கம் பார்த்தால் நூறில் தொண்ணூறு பேருக்கு அது இல்லை. ஆனாலும் பத்தில் ஒன்று என்பது பார்க்காமல் விடக்கூடிய எண் அல்ல.

பெருங்குடலின் வலப்பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்களிடம் கண்டுபிடிக்கத் தவறுவது அங்கேதான். அடிவயிற்றின் வலப்பக்கம், சிறுகுடல் வந்து பெருங்குடலோடு சேரும் இடத்தில் குழாய் அகலமாக இருக்கும். அங்கே மலம் இன்னும் கூழாகத்தான் இருக்கும், கெட்டிப்படாது. அதனால் அந்த இடத்தில் கட்டி வளர்ந்தாலும் வழி அடைபடாது, மலச்சிக்கல் வராது, வலியும் வராது. கூழ் உரசிப் போகும்போது கட்டியின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்த ரத்தம் இன்னும் மூன்று நான்கு அடி குடலைக் கடந்து வருவதற்குள் மலத்தோடு முழுக்கக் கலந்துவிடும். இடப்பக்கத்தில் வரும் கட்டி சீக்கிரம் அடைக்கும், சிவப்பாக ரத்தம் காட்டும், ஆளை டாக்டரிடம் துரத்திவிடும். வலப்பக்கத்துக் கட்டிக்கோ பல சமயம் முதல் அறிகுறியே ரத்தத்தில் இரும்பு குறைவதுதான். உங்கள் கையில் இருக்கும் 11.4 அப்படிப்பட்ட அறிகுறியாக இருக்கக்கூடும். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சின்ன முளையாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல வருடங்கள் எடுத்துக்கொள்பவை. பாலிப்பாக இருக்கும்போதே அகப்பட்டால், வயிற்றைக் கிழிக்காமல், பார்க்கும் அதே குழாய் வழியாகவே சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிடலாம்.

மேல்பக்கத்தில், உங்களிடம் சந்தேகப்பட வலுவான காரணம் ஏற்கெனவே இருக்கிறது: ஆஸ்பிரினும் வலி மாத்திரையும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவாக இருந்தாலும் இரைப்பையின் உள்தோலைக் காக்கும் சளிப்படலத்தைக் குறைக்கும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் கேடு கூடும், ஏனென்றால் ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையும் தளர்த்துகிறது. அல்சர் இருந்தும் வயிறு வலிக்காமலே இருப்பது வயதானவர்களிடமும் வலி மாத்திரை போடுபவர்களிடமும் சாதாரணம். இரைப்பைப் புற்றும் நம் மாநிலத்து ஆண்களிடம் அரிதானதல்ல.

"அப்படியானால் வலி மாத்திரைதான் காரணம், அதை நிறுத்திவிட்டால் போதுமே" என்று நினைப்பீர்கள். வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. முழங்காலுக்குப் பாராசிட்டமால் 650 போடலாம், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஆனால் அதோடு தேடலை முடித்துவிடக் கூடாது. ரத்தத்தை இளக்கும் மருந்துகள் சும்மா இருக்கும் குடலைக் கசிய வைப்பது மட்டுமல்ல, ஏற்கெனவே அங்கே இருக்கும் பாலிப்பையோ கட்டியையோ கசிய வைத்துக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. அதே காரணத்தால்தான் இரு பக்கமும் பார்க்கச் சொல்வது. மேலே, வாய் வழியாகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் லேசான சிவப்போ நாலைந்து கீறல்களோ தெரிந்தால் "அகப்பட்டுவிட்டது" என்று கீழே பார்க்காமல் விட்டுவிடுவார்கள். சின்னச் சிவப்பு ஒரு கிராம் இரும்பைக் குடித்திருக்காது. மேலேயே புற்றோ, பெரிய அல்சரோ அகப்பட்டால் மட்டும் அடுத்தது என்ன என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எழுதிக் கொடுத்தவரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, ஸ்டென்ட் வைக்கவில்லை, இப்போது ரத்தம் குறைந்திருக்கிறது, இது இன்னும் வேண்டுமா?" இதய நோய் வராதவருக்கு உங்கள் வயதில் ஆஸ்பிரினால் கிடைக்கும் பயன் சிறிது, ரத்தக்கசிவு அபாயமே பெரிது. பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் வைத்தவர் இதைப் படித்தால் அவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது, அவர் தொடர வேண்டும்.

தோட்டத்திலோ வயலிலோ வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் இருந்தால் கொக்கிப்புழுவும் கணக்கில் வரும். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வகையில் ஒரு புழு தினம் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். ஒரு டீஸ்பூன் போக நூற்றைம்பது புழுவுக்கு மேல் வேண்டும். நடக்காத காரியம் இல்லை. அல்பெண்டசோல் 400 ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், விலையும் குறைவு, கெடுதலும் இல்லை. அதைப் போட்டோம் என்று குழாயை ரத்து செய்துவிடாதீர்கள். இதே வாரத்தில் சிறுநீரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ கசிவு இருந்தால் அதில் தெரியும்.

இனி பரிசோதனைக்கு வருவோம். மேல் எண்டோஸ்கோப்பி சுலபமானது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, பத்து நிமிட வேலை. போகும்போது ஒன்றை ஞாபகப்படுத்துங்கள்: பார்த்து எல்லாம் நன்றாக இருந்தாலும் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தும் இரைப்பையிலிருந்தும் கிள்ளிச் சதைத் துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள். நான் முதலில் சொன்ன, குடல் இரும்பை உறிஞ்சாமல் விடும் நோய்களும், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் கிருமியும் அதில்தான் தெரியும். கண்ணுக்கு அவை தெரியாது.

ஆசனவாய் வழியாகப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் கடினமான பகுதி குழாய் அல்ல, முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்வதுதான். மயக்க ஊசி போடுவதால் குழாய் போவது பலருக்குத் தெரிவதே இல்லை. சுத்தம் சரியாக இல்லையென்றால், நான் மேலே சொன்ன வலப்பக்கம்தான் முதலில் மறைந்து போகும். செய்தும் பார்க்காதது போல ஆகிவிடும். அதனால் இதைக் கவனமாகச் செய்யுங்கள்.

இரும்பு மாத்திரையைப் பரிசோதனைக்கு ஏழு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் பசை போல ஒட்ட வைக்கும், மருந்து குடித்தாலும் போகாது. மூன்று நாள் முன்பிருந்து விதையும் தோலும் நாரும் உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். கொய்யா, தக்காளி, வெண்டைக்காய், கத்தரிக்காய், எள், கீரை எதுவும் வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, மோர், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். முந்தைய நாள் வடிகட்டிய தண்ணீர் ஆகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய கஞ்சித் தெளிவு, பால் சேர்க்காத டீ, வடிகட்டிய ரசத் தெளிவு. சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

குடல் சுத்தப் பவுடரை வழக்கமாக இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்குவார்கள். முழுவதையும் முந்தைய இரவே குடிப்பதைவிட, ஒரு லிட்டரை மாலையிலும் இன்னொரு லிட்டரைப் பரிசோதனைக்கு ஐந்து மணி நேரம் முன்பும் குடிப்பது குடலை நன்றாகச் சுத்தமாக்கும். விடியற்காலை எழுந்து குடிக்க வேண்டி வரும், அலுத்துக்கொள்ளாதீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். குளிர வைத்தால் குடிக்கச் சுலபம். கடைசியில் போவது கலங்கல் இல்லாமல் மஞ்சள் தண்ணீராக, சிறுநீர் போல இருந்தால் சுத்தமாகிவிட்டது. இன்னும் பழுப்பாகப் போனால் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரையை அன்று வழக்கம்போல் போட்டால் ஆகாரம் இல்லாமல் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கிளிமிபிரைடு போன்றவற்றை முந்தைய நாளும் அன்று காலையும் எப்படிக் குறைப்பது, டாபாகிளிஃப்ளோசின் இருந்தால் மூன்று நாள் முன்பே நிறுத்துவதா என்று பெயரைக் காட்டிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றியும் அதே சீட்டில் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பவுடர் எது என்பதே மாறும்.

அபாயம் எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கான கொலோனோஸ்கோப்பியில் குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்தால் சற்றுக் கூடும், பிறகு சில நாள் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, இந்தப் பக்கம் பத்தில் ஒன்று. உங்கள் உடல்நிலையில் உள்ளவருக்கு இதில் தயங்க எதுவும் இல்லை. மிகவும் தளர்ந்து படுத்திருப்பவராக இருந்தால் பெருங்குடலை ஸ்கேனில் பார்க்கும் சி.டி. கோலனோகிராபி போன்ற வேறு வழியை யோசிப்போம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல் இரைப்பை மருத்துவப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. எங்கே செய்தாலும் அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

பரிசோதனைக்கு ஏழு நாள் முன்பு வரை இரும்பு மாத்திரையைச் சாப்பிடுங்கள். தினம் ஒன்று போதும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம், அதிலும் நன்றாகவே ஏறும். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் வேண்டாம்.

இந்த மாத்திரையில்தான் ஒரு பொறி இருக்கிறது, இதை மருமகனிடமும் காட்டுங்கள். அறுபது மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையில், உங்களைப் போல கிடங்கு காலியானவரின் குடல் ஆறு முதல் பன்னிரண்டு மில்லிகிராம் உறிஞ்சும். கசிவில் போவது தினம் இரண்டு மில்லிகிராம்தான். எனவே கசிவு அப்படியே இருக்கும்போதே ஹீமோகுளோபின் ஏறும். ஒன்றிரண்டு மாதத்தில் 13-ஐத் தாண்டிவிடும். எல்லோரும் "பார்த்தீர்களா, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது" என்பார்கள். தொட்டியில் ஓட்டை இருக்கும்போது மோட்டாரை வேகமாக ஓட்டினால் தொட்டி நிறையத்தான் செய்யும். மாத்திரையை நிறுத்திய ஆறாம் மாதம் மறுபடி இறங்கும்போது, பாலிப்பாக இருந்தது என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் ஏறினால் குறைந்தது இரும்புதான் என்று மட்டும்தான் தெரியும், ஏன் குறைந்தது என்று தெரியாது. முருங்கைக்கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அதிலுள்ள இரும்பில் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. ஒரு கிராம் இரும்பை அது திருப்பித் தராது.

இரு பக்கமும் நன்றாக இருக்கிறது, சதைத் துணுக்கிலும் ஒன்றுமில்லை என்று வந்தால் மகிழ்ச்சி. பரிசோதனை முடிந்த மறுநாளே இரும்பு மாத்திரையைத் தொடருங்கள். ஹீமோகுளோபின் 13-ஐத் தாண்டிய பிறகும் மூன்று மாதம் சாப்பிட்டால்தான் கிடங்கு நிறையும். அதன் பிறகு ஒரு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பாருங்கள். அப்படியே நின்றால், வலி மாத்திரைதான் காரணமாக இருந்திருக்கலாம் என்று அப்போது சொல்ல முடியும். மறுபடி இறங்கினால் மேலிருந்தும் கீழிருந்தும் எட்டாத சிறுகுடலை, மாத்திரை போல விழுங்கும் காமெரா வைத்துப் பார்க்க வேண்டி வரும்.

இதற்கிடையில் மலத்தைக் கவனியுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாகக் கறுக்கும், கெட்டியாக இருக்கும், அது பயமில்லை. தார் போலப் பளபளப்பாக, ஒட்டும் பசையாக, துர்நாற்றத்தோடு போனாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, நெஞ்சில் வலியோ மூச்சிரைப்போ வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த 14.1 ரிப்போர்ட்டையும் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.